நேரிய அசமன்பாட்டுக்கு வரைபடம்: கோட்டின் எந்தப் பக்கத்தை நிழலிடுவது?

2x − 3y < 6 என்ற அசமன்பாட்டை எடுத்துக்கொள்வோம். '<' குறியைப் பார்த்ததுமே கோட்டுக்குக் கீழே நிழலிடுபவர்கள் பலர். இந்தக் கணக்கில் அது தவறு. ஏன் என்பதை வரைந்தே பார்த்துவிடலாம்.

படி 1: எல்லைக்கோடு. குறியைச் சமக்குறியாக மாற்றி 2x − 3y = 6 என்று எழுதுங்கள். y = 0 என்றால் x = 3. x = 0 என்றால் y = −2. ஆகவே (3, 0), (0, −2) என்ற இரு புள்ளிகள் கிடைக்கின்றன. சரிபார்க்க மூன்றாவதாக ஒரு புள்ளியும் வேண்டும்: x = 6 எனில் y = 2. மூன்றும் ஒரே கோட்டில் விழவில்லை என்றால், பெரும்பாலும் −2ஐ 2 என்று குறித்திருப்பீர்கள்.

படி 2: கோட்டின் வகை. '<' குறியில் சமம் சேரவில்லை. கோட்டிலேயே உள்ள புள்ளிகள் தீர்வாகாது என்பதால் விட்டு விட்டு வரையுங்கள். '≤' அல்லது '≥' இருந்தால்தான் முழுக்கோடு.

படி 3: சோதனைப் புள்ளி. ஆதிப்புள்ளி (0, 0) இந்தக் கோட்டில் இல்லை, அதையே பயன்படுத்தலாம். 2(0) − 3(0) = 0; 0 < 6 என்பது உண்மை. எனவே ஆதிப்புள்ளி இருக்கும் பக்கம் முழுவதையும் நிழலிடுங்கள். படத்தைப் பாருங்கள், அது கோட்டுக்கு மேல்பக்கம்!

ஒரே ஒரு புள்ளியை வைத்து ஒரு பக்கம் முழுவதையும் எப்படி முடிவு செய்கிறோம்? 2x − 3y இன் மதிப்பு சரியாக 6 ஆவது கோட்டில் உள்ள புள்ளிகளில் மட்டும்தான். கோட்டைக் கடக்காமல் ஒரே பக்கத்தில் எங்கு நகர்ந்தாலும் மதிப்பு 6ஐத் தாண்ட முடியாது. ஆகவே ஒரு புள்ளியில் 6ஐ விடக் குறைவென்றால் அந்தப் பக்கம் முழுவதும் குறைவுதான். எதிர்ப்பக்கத்தில் (3, −2)ஐப் போட்டால் 6 + 6 = 12 வரும்; 12 < 6 பொய்.

'<' என்றால் கீழே என்ற விதி ஏன் பொய்த்தது? அந்த விதி y தனியாக இடப்பக்கம் இருக்கும்போது உறுதியாகப் பொருந்தும். இங்கே yஐத் தனியாக்கினால் −3y < −2x + 6 என்று வரும். குறை எண்ணான −3ஆல் வகுக்கும்போது குறி திரும்பி, y > (2/3)x − 2 ஆகிவிடுகிறது. இந்தத் திருப்பத்தை மறப்பதால்தான் நிழல் இடம் மாறிப்போகிறது. அதனால், தொடக்கத்தில் சோதனைப் புள்ளி முறையையே நம்புவது நல்லது.

அந்த முறைக்கும் ஒரு நிபந்தனை உண்டு: சோதனைப் புள்ளி கோட்டில் இருக்கக்கூடாது. 2x − y ≤ 0 என்பதைப் பாருங்கள். இதன் கோடு ஆதிப்புள்ளி வழியே செல்கிறது. (0, 0)ஐப் போட்டால் 0 ≤ 0 உண்மை என்று வரும். ஆனால் எந்தப் பக்கம் என்று அது சொல்லாது. கோட்டை வரையவும் (0, 0) உடன் (2, 4) போல இன்னொரு புள்ளி தேவை. சோதனைக்கு (1, 0) எடுத்தால் 2 ≤ 0 பொய். ஆகவே முழுக்கோடு வரைந்து, (1, 0) இல்லாத பக்கத்தை, அதாவது கோட்டின் இடப்பக்கத்தை நிழலிட வேண்டும்.