இரு நிலை ஆப்-ஆம்ப்: உள்ளமைப்பை வரைந்து, ஒரே மின்தேக்கியால் போல்களைப் பிரிக்கும் முறை

ஆப்-ஆம்பின் வெளியீட்டை நேரே அதன் எதிர்மறை உள்ளீட்டில் இணைத்து ஒரு பஃபராகப் பயன்படுத்தும்போது, உள்ளே சரியான ஈடுசெய்தல் இல்லாவிட்டால், அது பெருக்கியாக இயங்காமல் அலையியற்றியாக மாறிவிடும். 1967-இல் வந்த எல்எம்101 என்ற சிப்பில் இதைத் தடுக்கும் 30 பிகோஃபாரட் மின்தேக்கியைப் பயனரே வெளியே இணைக்க வேண்டியிருந்தது. 1968-இல் ஃபேர்சைல்ட் நிறுவனத்தில் டேவ் ஃபுல்லாகர் வடிவமைத்த 741, அதே 30 பிகோஃபாரட்டைச் சிப்புக்குள்ளேயே வைத்தது. இவ்வளவு சிறிய மின்தேக்கி எப்படிப் போதுமானதாகிறது என்பதை, கணினியில் நீங்களே சரிபார்க்கக்கூடிய ஒரு சீமாஸ் வடிவமைப்பின் வழியாகப் படிப்படியாகப் பார்ப்போம்.

படி 1: உள்ளமைப்பை வரைதல்

முதல் நிலையில் M1, M2 என்ற என்-மாஸ் இணை இரு உள்ளீடுகளையும் பெறுகிறது. அவற்றின் சோர்ஸ் முனைகள் ஒன்றாகச் சேர்ந்து, M5 தரும் நிலையான மின்னோட்டத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. மேலே M3, M4 என்ற பி-மாஸ் கரண்ட் மிரர், இரு பக்க மின்னோட்டங்களின் வேறுபாட்டை ஒரே முனைக்குக் கொண்டுவருகிறது. அந்த முனையை n1 என்று அழைப்போம். n1 நேரே M6 என்ற பி-மாஸின் கேட்டில் சேர்கிறது. M6-உம் அதற்குச் சுமையாக நிற்கும் M7-உம் சேர்ந்தது இரண்டாம் நிலை. M6-இன் டிரெய்னே வெளியீடு.

சிறு சைகைக் கணக்கிற்கு இத்தனை ட்ரான்சிஸ்டர்களும் தேவையில்லை. ஒவ்வொரு நிலையும் உள்ளீட்டு மின்னழுத்தத்தை மின்னோட்டமாக மாற்றும் ஒரு gm, ஒரு மின்தடை, ஒரு மின்தேக்கி ஆகிய மூன்றாகச் சுருங்கிவிடும். நம் எடுத்துக்காட்டில் gm1 = 126 மைக்ரோசீமென்ஸ், R1 = 500 கிலோஓம், C1 = 0.2 பிகோஃபாரட்; gm2 = 1.26 மில்லிசீமென்ஸ், R2 = 50 கிலோஓம், வெளியே உள்ள சுமை CL = 5 பிகோஃபாரட். ஒவ்வொரு நிலையும் ஏறத்தாழ 63 மடங்கு பெருக்குகிறது. மொத்தம் சுமார் 3,970 மடங்கு, அதாவது 72 டெசிபெல். இவற்றில் gm மதிப்புகள் எங்கிருந்து வந்தன என்பதை நான்காம் படியில் காண்போம்.

படி 2: ஈடுசெய்யாத நிலையில் போல்களைக் கணக்கிடுதல்

மின்தடையும் மின்தேக்கியும் கூடும் ஒவ்வொரு முனையும் ஒரு போலை, அதாவது பெருக்கம் குறையத் தொடங்கும் ஓர் அதிர்வெண்ணைத் தருகிறது. n1-இல் உள்ள போல் 1/(2π·R1·C1), அதாவது 1.59 மெகாஹெர்ட்ஸ். வெளியீட்டில் உள்ள போல் 1/(2π·R2·CL), அதாவது 637 கிலோஹெர்ட்ஸ். இரண்டும் அருகருகே இருக்கின்றன என்பதே சிக்கல். ஒரு போல் தன் அதிர்வெண்ணைத் தாண்டியபின் சைகையைப் படிப்படியாக 90 பாகை வரை பின்தள்ளும். பெருக்கம் ஒன்றாகக் குறையும் இடம் இங்கு சுமார் 63 மெகாஹெர்ட்ஸ். அந்த இடத்தை அடைவதற்குள் இரு போல்களும் தத்தம் 90 பாகையை ஏறக்குறைய முழுமையாகவே செலுத்திவிடுகின்றன.

மொத்தப் பின்னடைவு 178 பாகை. 180 பாகை ஆகிவிட்டால் எதிர்மறைப் பின்னூட்டம் நேர்மறைப் பின்னூட்டமாகிவிடும் என்பதால், எஞ்சியிருக்கும் ஃபேஸ் மார்ஜின் வெறும் 2 பாகைதான். நம் கணக்கில் விடுபட்ட ஏதேனும் ஒரு சிறு மின்தேக்கம், எடுத்துக்காட்டாக கரண்ட் மிரரின் கேட் முனையில் இருப்பது, அந்த இரண்டு பாகையையும் எளிதாக விழுங்கிவிடும்.

படி 3: Cc-ஐ இணைத்து, அது செய்வதைப் புரிந்துகொள்ளுதல்

இப்போது M6-இன் கேட்டுக்கும் டிரெய்னுக்கும் இடையே, அதாவது n1-க்கும் வெளியீட்டுக்கும் இடையே, 2 பிகோஃபாரட் மின்தேக்கி ஒன்றை இணையுங்கள். இதுவே மில்லர் மின்தேக்கி, Cc.

குறைந்த அதிர்வெண்களில் n1 ஒரு மில்லிவோல்ட் உயர்ந்தால் வெளியீடு 63 மில்லிவோல்ட் இறங்குகிறது. ஆகவே Cc-இன் இரு முனைகளுக்கு இடையே 64 மில்லிவோல்ட் மாற்றம் ஏற்பட, n1 அதற்கு ஈடான மின்னேற்றத்தைக் கொடுக்க வேண்டியிருக்கிறது. முதல் நிலையைப் பொறுத்தவரை அங்கே 2 பிகோஃபாரட் அல்ல, சுமார் 128 பிகோஃபாரட் தொங்குகிறது. அதனால் கீழ்ப் போல் 1/(2π·gm2·R2·R1·Cc) என்ற இடத்திற்கு, அதாவது சுமார் 2.5 கிலோஹெர்ட்ஸுக்கு இறங்குகிறது.

பாடநூல்களில் இந்தப் பாதி நன்றாக விளக்கப்படுகிறது. என் கருத்தில் மறுபாதியே சுவையானது. உயர் அதிர்வெண்களில் Cc ஏறத்தாழக் குறுக்கிணைப்பாக மாறுவதால், M6-இன் கேட்டும் டிரெய்னும் ஒன்றாகக் கட்டப்பட்டதுபோல் ஆகின்றன. அப்படிக் கட்டப்பட்ட ட்ரான்சிஸ்டர் ஒரு டையோடைப் போல நடந்துகொள்ளும். அதன் மின்தடை 50 கிலோஓம் அல்ல, 1/gm2, அதாவது சுமார் 800 ஓம். சுமை மின்தேக்கி இப்போது இந்தச் சிறிய மின்தடையையே காண்பதால், மேல் போல் வெகுதூரம் விலகிச் செல்கிறது. C1 ஒரு பகுதியைத் திருப்பிவிடுவதால் சரியான கோவை சற்றே நீளமானது:

```
p1 = 1 / (2π · gm2 · R2 · R1 · Cc)
p2 = gm2·Cc / (2π · (C1·CL + Cc·(C1 + CL)))
```

நம் எண்களை இட்டால் p2 = 35 மெகாஹெர்ட்ஸ். 637 கிலோஹெர்ட்ஸிலும் 1.59 மெகாஹெர்ட்ஸிலும் இருந்த போல்கள் இப்போது 2.5 கிலோஹெர்ட்ஸிலும் 35 மெகாஹெர்ட்ஸிலும் நிற்கின்றன. போல் பிரிப்பு என்பது இதுதான். ஈடுசெய்வதற்கு முன் கீழ்ப் போல் வெளியீட்டு முனைக்கு உரியதாக இருந்தது. பின்னர் கீழ்ப் போலைத் தீர்மானிப்பது n1 முனை. அதனால் ‘இந்த முனையின் போல் இங்கிருந்து அங்கே நகர்ந்தது’ என்று தனித்தனியே பின்தொடர்வதைவிட, இணையாகப் பார்த்து, கீழே இருந்தது கீழேயும் மேலே இருந்தது மேலேயும் விலகின என்று கொள்வதே சரி.

Cc-ஐ வெளியீட்டுடன் இணைக்காமல், n1-இலிருந்து தரைக்கு ஒரு மின்தேக்கியை இணைத்தும் கீழ்ப் போலை இறக்கலாம் அல்லவா என்று கேட்கலாம். இறக்கலாம், ஆனால் வெளியீட்டுப் போல் 637 கிலோஹெர்ட்ஸிலேயே நின்றுவிடும். ஃபேஸ் மார்ஜின் சுமார் 50 பாகை வேண்டுமென்றால் கீழ்ப் போலை 161 ஹெர்ட்ஸ் அளவுக்கு இறக்க வேண்டும். அதற்கு ஏறத்தாழ 2,000 பிகோஃபாரட் தேவைப்படும். சதுர மைக்ரோமீட்டருக்கு ஒரு ஃபெம்டோஃபாரட் என்று வைத்துக்கொண்டால், அது சிப்பில் 2 சதுர மில்லிமீட்டரை அடைத்துக்கொள்ளும். மில்லர் முறையிலோ 45 மைக்ரோமீட்டர் பக்கமுள்ள ஒரு சதுரம் போதும். வேகமும் பதினைந்து மடங்குக்கு மேல் கிடைக்கிறது.

படி 4: மதிப்புகளைத் தேர்ந்தெடுத்தல்

நமக்கு வேண்டியது 10 மெகாஹெர்ட்ஸ் பெருக்க-அலைவரிசைப் பெருக்கற்பலன். அது gm1/(2π·Cc) என்பதால், Cc-ஐ 2 பிகோஃபாரட் என்று வைத்ததும் gm1 = 126 மைக்ரோசீமென்ஸ் என்று தானே அமைகிறது. R1, R2 இரண்டும் இக்கோவையில் இல்லை என்பதைக் கவனியுங்கள். தயாரிப்பில் பெரிதும் மாறுபடும் அவ்விரண்டும் அலைவரிசையைப் பாதிப்பதில்லை.

gm2-ஐ gm1-இன் பத்து மடங்காக எடுத்துக்கொள்ளுங்கள். ட்ரான்சிஸ்டர்களின் ஓவர்டிரைவ் மின்னழுத்தம் 0.2 வோல்ட் என்றால், gm = 2I/0.2 என்ற உறவிலிருந்து M1, M2 ஒவ்வொன்றுக்கும் 12.6 மைக்ரோஆம்பியர், M5-க்கு 25 மைக்ரோஆம்பியர், M6-க்கு 126 மைக்ரோஆம்பியர் என்று மின்னோட்டங்கள் கிடைக்கின்றன. வெளியீடு மாறக்கூடிய உச்ச வேகமான ஸ்லூ ரேட், M5-இன் மின்னோட்டத்தை Cc-ஆல் வகுத்தால் வருவது: மைக்ரோசெகண்டுக்கு 12.5 வோல்ட்.

ட்ரான்சிஸ்டர்களின் அளவு விகிதத்தில் ஒரு நிபந்தனை உண்டு. M6 மின்னோட்டம் M4-இன் பத்து மடங்கு என்பதால் அதன் W/L விகிதமும் பத்து மடங்காக இருக்க வேண்டும். M7-இன் W/L, M5-ஐப்போல் ஐந்து மடங்கு. இது தவறினால் M6 தர விரும்பும் மின்னோட்டமும் M7 எடுக்க விரும்பும் மின்னோட்டமும் ஒத்துப்போகாமல், உள்ளீட்டில் ஒரு நிலையான ஆஃப்செட் தோன்றும்.

படி 5: ஜீரோவைக் கையாளுதல்

Cc இருவழிப் பாதை. வெளியீட்டிலிருந்து n1-க்குப் பின்னூட்டம் வருவதோடு, n1-இலிருந்து வெளியீட்டுக்கு M6-ஐத் தவிர்த்துக்கொண்டு சைகை நேரேயும் போகிறது. அப்படிப் போகும் சைகை தலைகீழாவதில்லை. gm2/(2π·Cc) என்ற அதிர்வெண்ணில், அதாவது நம் எடுத்துக்காட்டில் 100 மெகாஹெர்ட்ஸில், இரு பாதைகளின் மின்னோட்ட அளவுகளும் சமமாகின்றன. அங்கே வலப்பாதித் தளத்தில் ஒரு ஜீரோ உருவாகிறது. இது பெருக்கத்தைக் குறையவிடாமல் பிடித்துக்கொண்டு, ஃபேஸை மட்டும் பின்தள்ளுகிறது. நிலைத்தன்மைக்கு இதைவிடப் பொருந்தாத சேர்க்கை இல்லை.

10 மெகாஹெர்ட்ஸில் போல் p2 16 பாகையையும் ஜீரோ 6 பாகையையும் எடுத்துக்கொள்ள, ஃபேஸ் மார்ஜின் 68 பாகை எஞ்சுகிறது. gm2 பத்து மடங்காக இருப்பதால்தான் இழப்பு இவ்வளவு சிறியது. அதையும் மீட்க வேண்டுமென்றால் Cc-உடன் தொடராக 1/gm2 மதிப்புள்ள மின்தடை, இங்கு 800 ஓம், ஒன்றை இணையுங்கள். ஜீரோ முடிவிலிக்குச் சென்றுவிடும். மின்தடையை மேலும் பெரிதாக்கி, ஜீரோவை இடப்பாதிக்குக் கொண்டுவந்து p2-ஐ அழிக்கவும் முடியும். ஆனால் சுமை சிறிது மாறினாலும் அந்தப் பொருத்தம் குலைந்துவிடும் என்பதால் முதல் வடிவமைப்பில் அதைத் தவிர்ப்பதே நல்லது.

படி 6: சரிபார்த்தல்

கீழ்க்கண்ட கோப்பை `ngspice`-இல் இயக்குங்கள்.

```
* two stage opamp, small signal
Vin in 0 AC 1
G1 n1 0 in 0 126u
R1 n1 0 500k
C1 n1 0 0.2p
Cc n1 out 2p
G2 out 0 n1 0 1.26m
R2 out 0 50k
CL out 0 5p
.ac dec 50 100 1g
.control
run
plot vdb(out)
plot 180/pi*cph(out)
.endc
.end
```

பெருக்கம் 0 டெசிபெலைக் கடக்கும் அதிர்வெண்ணில் ஃபேஸைப் படித்து, அதனுடன் 180-ஐக் கூட்டினால் ஃபேஸ் மார்ஜின் கிடைக்கும். பின்னர் `Cc` வரியின் தொடக்கத்தில் `*` இட்டு மீண்டும் இயக்கினால் இரண்டாம் படியின் 2 பாகையைக் காணலாம்.

உண்மையான ட்ரான்சிஸ்டர்களை வைத்து இதைச் செய்யும்போது, பின்னூட்டமின்றி விட்டால் சில மில்லிவோல்ட் ஆஃப்செட்டே வெளியீட்டை மின்வழங்கியின் ஓரத்திற்குத் தள்ளிவிடும். பெருக்கம் 72 டெசிபெலுக்குப் பதிலாக மிகச் சிறிதாகத் தெரிந்தால் காரணம் பெரும்பாலும் இதுவே. வெளியீட்டிலிருந்து எதிர்மறை உள்ளீட்டுக்கு மிகப் பெரிய ஒரு தூண்டியையும், அந்த உள்ளீட்டிலிருந்து தரைக்கு மிகப் பெரிய ஒரு மின்தேக்கியையும் இணைத்து, சைகையை நேர்மறை உள்ளீட்டில் கொடுங்கள். நேர்மின் நிலை பின்னூட்டத்தால் பிடித்துவைக்கப்படும், மாறுசைகைக்கு மட்டும் வளையம் திறந்திருக்கும்.

கடைசியாக `CL` மதிப்பை 50 பிகோஃபாரடாக மாற்றிப் பாருங்கள். p2 3.6 மெகாஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடுவதால் ஃபேஸ் மார்ஜின் 30 பாகையாகச் சுருங்கும். பஃபராக இணைத்து ஒரு சிறு படிச் சைகை கொடுத்தால் வெளியீடு இலக்கை ஏறத்தாழ 40 சதவீதம் தாண்டிச் சென்று, பலமுறை ஊசலாடிய பிறகே அமையும். Cc-ஐ 11 பிகோஃபாரடாக உயர்த்தினால் மார்ஜின் 60 பாகைக்குத் திரும்பும். அதற்கு ஈடாக அலைவரிசை 1.8 மெகாஹெர்ட்ஸாகவும், ஸ்லூ ரேட் மைக்ரோசெகண்டுக்கு 2.3 வோல்ட்டாகவும் குறையும். வேகத்தை விட்டுக்கொடுக்க முடியாதென்றால் gm2-ஐ ஏறத்தாழப் பத்து மடங்கு உயர்த்த வேண்டும். அப்போது M6 மட்டுமே ஒரு மில்லிஆம்பியருக்கு மேல் எடுத்துக்கொள்ளும், அது பெரிதாவதால் C1-உம் வளரும், p2-ஐ மீண்டும் கணக்கிட வேண்டியிருக்கும்.