சவர்க்காரம் செய்யும் வீடியோவுக்குக் கேப்ஷன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பினாங்கில் புதிதாகச் சவர்க்காரம் செய்து விற்கிறவர்கள் போடும் வீடியோக்களை விடாமல் பார்க்கிறேன். மங்கலான படம், எழுத்துப்பிழை எல்லாம் தானாகச் சரியாகிவிடும். சில வாசகங்கள் மட்டும் இன்றும் எனக்கு எரிச்சல் மூட்டுகின்றன.

"ரசாயனம் துளியும் இல்லை"

எண்ணெய் சவர்க்காரமாக மாற காஸ்டிக் சோடா என்ற காரம் வேண்டும். உருக்கி ஊற்றும் சவர்க்காரக் கட்டியை வாங்கினாலும், அதைச் செய்தவர் ஏற்கெனவே காரம் சேர்த்துத்தான் செய்திருப்பார்.

என்னிடம் பழகிய பட்டர்வொர்த் தங்கை ஒருத்தி அழகாகப் படம் எடுத்திருந்தாள். கையுறை, கண்ணாடி, தண்ணீரில் விழும் வெள்ளைச் செதில், மேலே எழும் ஆவி. கீழே அந்த வாசகம். "அந்த வெள்ளையா கொட்டுறது என்னம்மா?" என்று ஒரு அம்மா கேட்டார். இவள் பதற்றத்தில் கேள்வியையே அழித்துவிட்டாள். திருமண அன்பளிப்புக்குச் சொல்லி வைத்திருந்த குடும்பம் அதைப் பார்த்துவிட்டு ஆர்டரை ரத்து செய்தது. சோடா கலந்ததில் அவர்களுக்குக் குறையில்லை. மறைத்ததுதான் பிடிக்கவில்லை.

அவளோடு உட்கார்ந்து மாற்றி எழுதினேன்:

"தேங்காயெண்ணெய் 300 கிராம், செம்பனை எண்ணெய் 300, ஆலிவ் எண்ணெய் 400. இவை முழுவதும் மாற ஏறக்குறைய 151 கிராம் காஸ்டிக் சோடா தேவை. நாங்கள் 5 விழுக்காடு குறைத்து 143 கிராம்தான் போடுகிறோம். சோடா முழுவதும் எண்ணெயோடு சேர்ந்து தீர்ந்துவிடும், கொஞ்சம் எண்ணெய் உங்கள் தோலுக்கு மிச்சமிருக்கும்."

பயமுறுத்திய வெள்ளைச் செதில் இப்போது கவனமாக அளக்கிறவள் என்ற பெயரை அவளுக்குத் தருகிறது. அந்தக் கடைக்கு இதைவிட நல்ல கதை வேறு எது?

இரண்டு வரி இன்னும் சேர்க்கச் சொன்னேன். ஒன்று, எண்ணெய் மாறினால் சோடா அளவும் மாறும். தேங்காயெண்ணெய் ஆலிவைவிட அதிகம் கேட்கும். இரண்டு, சோடாவைத்தான் தண்ணீரில் போட வேண்டும். சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும், அலுமினியப் பாத்திரமோ அரித்துப் போகும். வீடியோ பார்த்து வீட்டில் முயல்கிறவர்கள் இருக்கிறார்கள். அப்புறம், வெட்டும்போது உள்ளே வெள்ளைக் கட்டிகள் தெரிந்து, அது கரையாத சோடாவோ என்று சந்தேகம் வந்தால், அந்தத் தொகுதியை விற்காமல் ஒதுக்குவதையும் படம் எடுங்கள்.

செம்பருத்திச் சிவப்பு

காரத்தில் பழுப்பாகிவிடும். பொடி தூவும் காட்சியோடு நிறுத்தாமல், வெட்டிய துண்டின் நிறத்தையும் காட்டுங்கள்.

"படை, சொறி தீரும்"

வேண்டாம். மலேசியாவில் குளியல் சவர்க்காரம் அழகுப்பொருள் வகை. விற்கும் முன் தேசிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பிடம் அறிவிக்க வேண்டும், நோய் தீர்க்கும் என்று சொல்லக்கூடாது.

"இன்று ஊற்றினோம், நாளை உங்கள் கையில்"

நேரடியாக எண்ணெயில் செய்த சவர்க்காரம் 4 முதல் 6 வாரம் உலர வேண்டும். நம் ஊர் ஈரக்காற்றில் இன்னும் இழுக்கலாம். ஊற்றிய தேதியையும் விற்பனைக்கு வரும் தேதியையும் சேர்த்தே எழுதுங்கள்.