காலையில் கழுத்துப் பிடிக்கிறதா? தலையணையின் உயரத்தை அளந்து பாருங்கள்

எழும்போதே கழுத்து திரும்ப மாட்டேன் என்கிறது. பின்னந்தலையில் தொடங்கும் வலி ஒரு பக்கக் கண் வரை வருகிறது. குளித்துக் கிளம்புவதற்குள் பாதி குறைந்தும் விடுகிறது. இப்படி இருந்தால் தைலம் தேடுவதற்கு முன் தலையணையைச் சந்தேகப்படுங்கள். கழுத்தின் மேல்பகுதி நரம்புகளும் முகத்தின் நரம்பும் கொண்டுவரும் வலிச் செய்திகள் மூளைத்தண்டின் அடிப்பகுதியில் ஒரே இடத்தில் சேர்கின்றன. அதனால் கழுத்தில் பிறக்கும் வலி நெற்றியிலும் கண்ணிலும் தெரியும். பலர் இதைச் சைனஸ் என்று நினைத்து ஆவி பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

நாம் செய்யும் பெரிய தவறு, தலையணையை மென்மை பார்த்து வாங்குவது. பார்க்க வேண்டியது உயரம், அதுவும் தலை வைத்து அமுங்கிய பிறகு உள்ள உயரம். ஒருக்களித்துப் படுப்பவருக்குத் தோளின் விளிம்புக்கும் காதோரத்துக்கும் உள்ள இடைவெளியைத் தலையணை நிரப்ப வேண்டும். சுவரில் தோளை ஒட்டி நின்று, தலையை நேராக வைத்து, காதோரத்திலிருந்து சுவர் வரை அளக்கச் சொல்லுங்கள்.

அந்த அளவோடு கடைக்குப் போய்விடாதீர்கள், படுக்கையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். இடைவெளி 12 செ.மீ. உள்ள ஒருவர் பாயில் படுக்கும்போது தோள் அமுங்காது, அதனால் 12 செ.மீ. தலையணை சரியாக இருக்கும். அவரே மெத்தென்ற ஃபோம் மெத்தைக்கு மாறினால் தோள் 4 செ.மீ. உள்ளே போகலாம். இப்போது அவருக்கு 8 செ.மீ. போதும். பழைய தலையணையையே வைத்திருந்தால் இடப்பக்கம் படுக்கும்போது தலை வலப்பக்கமாகச் சாய்ந்தே இரவெல்லாம் கிடக்கும். மெத்தை மாற்றிய பிறகு கழுத்துவலி வந்தது என்பவர்கள் மெத்தையைத்தான் திட்டுவார்கள். பாவம், அதன் மேல் தப்பில்லை.

சரியாக இருக்கிறதா என்று பார்க்க, படுத்த நிலையில் முன்னாலிருந்து ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். மூக்கு, முகவாய், நெஞ்செலும்பின் நடு மூன்றும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். தாழ்ந்திருந்தால் துண்டை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துக் கூட்டலாம். இலவம் பஞ்சுத் தலையணை நாளாக ஆக நடுவில் பள்ளமாகிவிடும். வெயிலில் போட்டு உதறியும் எழும்பவில்லை என்றால் பஞ்சை மாற்றுங்கள்.

மல்லாந்து படுப்பவர் இரண்டு தலையணை அடுக்குவது இன்னொரு தவறு. முகவாய் நெஞ்சைப் பார்த்து மடங்கி, பின்கழுத்துத் தசைகள் இழுபட்டே இருக்கும். அவருக்குத் தாழ்ந்த தலையணை போதும், தோள் அதன் மேல் ஏறக் கூடாது. குப்புறப் படுப்பவருக்கு எந்தத் தலையணையும் கைகொடுக்காது. மூச்சு விடுவதற்காகக் கழுத்தை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பியே வைத்திருக்க வேண்டும். வயிற்றோரம் ஒரு தலையணையை அணைத்துக்கொண்டால் குப்புறப் புரள்வது குறையும்.

மாற்றிப் பார்க்க இரண்டு வாரம் கொடுங்கள். அப்புறமும் தலைவலியோடுதான் எழுகிறீர்கள், கூடவே பலமான குறட்டையும் பகலில் தூக்கமும் உண்டு என்றால், தூக்கத்தில் மூச்சு தடைபடுகிறதா என்று மருத்துவரிடம் கேளுங்கள். கை மரத்துப்போவது, காய்ச்சலோடு கழுத்து விறைப்பது, திடீரென்று மண்டையைப் பிளக்கும் வலி இவற்றுக்கெல்லாம் தலையணை மாற்றிக் காத்திருக்க வேண்டாம், உடனே போய்விடுங்கள்.