முழுக் கோழி வாங்கினால் ஒரு கிலோ கறி உண்மையில் என்ன விலை? வீட்டிலேயே கண்டுபிடிக்கும் முறை

முழுக் கோழி கிலோ 100, எலும்பில்லாத கறி கிலோ 200 என்று பலகையில் பார்த்ததும் முழுக் கோழி பாதி விலை என்றுதான் மனம் கணக்குப் போடும். எலும்பையும் தோலையும் தனியே எடுத்துவிட்டுப் பார்த்தால் கதை வேறு. இங்கே 100 என்பது வெறும் கணக்குக்கு. உங்கள் ஊர்ப் பணத்தில் எதை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் தராசு. ஒரு கிராம் வரை காட்டும் டிஜிட்டல் தராசுதான் வேண்டும். தொங்கவிட்டு நிறுக்கும் ஸ்பிரிங் தராசு இதற்கு உதவாது, ஏனென்றால் 30 கிராம் வித்தியாசம்கூட இந்தக் கணக்கில் தெரியும். கத்தி மெல்லியதாக, முனை கூராக இருக்கட்டும். வெட்டுக்கத்தியால் வெட்டினால் எலும்பு நொறுங்கிச் சில்லுகள் கறியோடு போய்விடும்.

கோழியைக் குளிர்ச்சியாக இருக்கும்போதே நிறுத்துவிட்டு, தோலை உரித்து, கறியைப் பிரித்துத் தனித்தனிப் பாத்திரங்களில் போடுங்கள். இரண்டு இடங்களில் கறி தப்பும். நெஞ்செலும்பை ஒட்டி, பெரிய துண்டுக்கு அடியில் விரல் போல ஒரு நீளத் துண்டு இருக்கும். முதுகுப் பக்கம், தொடை சேரும் இடத்துக்குச் சற்று மேலே, இருபுறமும் ஒரு சிறு குழி இருக்கும். அதற்குள் கட்டைவிரலை விட்டு நெம்பினால் உருண்டையாக ஒரு துண்டு வெளியே வரும். இறக்கையைக் கத்தியால் பிரிக்க வேண்டாம், எலும்போடு சேர்த்து வைத்துவிடுங்கள்.

ஒரு கோழியின் கணக்கைப் பார்ப்போம். விலை கொடுத்த எடை 1600 கிராம், கொடுத்த பணம் 160. கத்தியால் எடுத்த கறி 700 கிராம், தோலும் கொழுப்பும் 215, எலும்பும் இறக்கையும் 590, ஈரல் முதலியவை 65. கூட்டினால் 1570 வரும். மீதி 30 கிராம் கசிந்து போன நீர். கூட்டுத்தொகை இதைவிட அதிகமாகக் குறைந்தால் எதையோ நிறுக்காமல் விட்டிருக்கிறீர்கள்.

இனி எல்லோரும் தடுமாறும் இடம். எலும்பையும் இறக்கையையும் வேகவைத்து, ஒட்டியிருப்பதைப் பிய்த்தெடுத்தால் 63 கிராம் கிடைக்கிறது என்று வையுங்கள். அதை அப்படியே 700-உடன் கூட்டக் கூடாது. வெந்த கறி நீரை இழந்து சுருங்கியிருக்கும், பச்சைக் கறியின் எடையில் சுமார் 70 சதவீதம்தான் நிற்கும். அதனால் 63-ஐ 0.7-ஆல் வகுத்து 90 என்று எழுதுங்கள். மொத்தம் 790 கிராம்.

```
160 ÷ 0.790 = 202.5
```

இங்கே இன்னொரு பிசகு நடக்கும். கறி பாதிதான் கிடைக்கிறது என்றால் விலையில் பாதியைக் கூட்டி 150 என்று போடுவார்கள். கூட்டக் கூடாது, வகுக்க வேண்டும். பாதி கிடைத்தால் விலை இரட்டிப்பாகும். வகுக்கும்போதும் வீட்டில் நிறுத்த மொத்த எடைக்குப் போட்ட பணத்தை அல்ல, பில்லில் உள்ள பணத்தையே எடுங்கள். கசிந்த நீருக்கும் சேர்த்துத்தான் பணம் கொடுத்தீர்கள்.

அப்புறம் ஒப்பிடுவது. எலும்பில்லாத நெஞ்சுக் கறி கிலோ 230 என்றால் முழுக் கோழியில் கிலோவுக்கு 27 மிச்சம் போலத் தோன்றும். ஆனால் அந்த 790 கிராமில் நெஞ்சுக் கறி 430 கிராம்தான், மீதி 360 கிராம் தொடையும் மற்றதும். எலும்பில்லாத தொடைக் கறி 190 என்றால், இதே கலவையைத் தனித்தனியே வாங்க சுமார் 167 ஆகும். கிலோவுக்கு 212. அப்படியென்றால் உண்மையான மிச்சம் கிலோவுக்கு 9 தான். அத்தனை வெட்டு வேலைக்கு அது போதுமா என்று நீங்களே சொல்லுங்கள். எலும்பைச் சூப்புக்குத் தனியாகக் காசு கொடுத்து வாங்குகிற வீடென்றால் மட்டும் அந்தக் காசை 160-இலிருந்து கழித்துக்கொள்ளலாம். குப்பைக்குப் போகிற எலும்புக்கு மதிப்புப் போடுவது கணக்கை ஏமாற்றுவது.

பின்சேர்க்கை: உயிர்க்கோழி எடைக்கு வாங்கினால் எப்படி என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். முறை அதேதான், இறகும் குடலும் சேர்ந்த எடைக்குப் பணம் போகிறது என்பதுதான் வித்தியாசம். 2200 கிராம் உயிர்க்கோழி சுத்தம் செய்தபின் 1600 கிராம் நின்று, அதில் 790 கிராம் கறி வந்தால், உயிர் எடை விலையை 2.8-ஆல் பெருக்குங்கள். சின்னக் கோழியில் எலும்பின் பங்கு கூடும், அதனால் இந்தப் பெருக்கெண்ணை அதற்குப் போடாமல் ஒருமுறை தனியாக நிறுத்துவிடுங்கள்.