பலூனில் செட், மென்பந்தில் அண்டர்ஆம்: புதிதாகக் கரப்பந்து பழகும் பிள்ளைகளுக்கு முதல் நான்கு நாட்கள்

முதல் நாளே உண்மையான கரப்பந்தை ஆறாம் தரப் பிள்ளையிடம் கொடுத்துப் பாருங்கள். பந்தின் எடை 260 முதல் 280 கிராம். அது மணிக்கட்டு எலும்பில் விழுந்ததும் தோல் சிவந்துவிடும். "சேர், கை நோகுது" என்று பிள்ளை ஒரு தரம்தான் சொல்லும். மறுகா வரும் பந்துக்குக் கண்ணை மூடும், அல்லது கடைசி நொடியில் கையை இழுத்துக்கொள்ளும். அந்தப் பயத்தை எடுக்க ஒரு மாதம் போதாது. அதனால்தான் நான் பலூனும் மென்பந்தும் இல்லாமல் தொடங்குவதில்லை.

ஆனால் இரண்டையும் ஒன்றுபோல் பயன்படுத்தக் கூடாது. களுவாஞ்சிகுடிப் பக்கம் பிள்ளைகளுக்குப் பழக்கும்போது முதல் வருடம் நான் அந்தப் பிழையைச் செய்தேன். இரண்டு கிழமை முழுக்க பலூனிலேயே அண்டர்ஆம், அதாவது இரு முன்னங்கைகளையும் சேர்த்துக் கீழிருந்து எழுப்புவது, பழக விட்டேன். கைக்கு அடக்கமாக வந்துவிட்டது என்று நினைத்துப் பந்தைக் கொடுத்தால், ஒவ்வொரு பந்தும் கூரைக்குப் போனது. பலூனைக் கையில் வெறுமனே பட விட்டால் அது எழும்பாது. காற்று அதை உடனே தடுத்துவிடும். எனவே பிள்ளை கையை வீசி அடிக்கப் பழகும். அண்டர்ஆமில் ஆகவே ஆகாத பழக்கம் அது. 1895இல் இந்த விளையாட்டை உருவாக்கிய வில்லியம் மோர்கனும் முதலில் கூடைப்பந்தின் உள்ளே இருக்கும் ரப்பர்ப் பையைத்தான் பந்தாக வைத்துப் பார்த்தார். அது மிக இலேசாகவும் மெதுவாகவும் இருந்ததால்தான் இதற்கென்று தனிப் பந்து செய்யச் சொன்னார்.

தலைக்கு மேல் விரல்களால் தள்ளும் செட்டுக்கோ அந்த மெதுவே வரம். பலூன் இறங்கிவரும் நேரத்தில் பிள்ளை காலை நகர்த்தலாம், கையைச் சரிசெய்யலாம், ஜன்னல் வழியே பார்ப்பதுபோல் விரல்களுக்கு நடுவே பார்க்கலாம். ஆகவே என் ஒழுங்கு இது: செட் பலூனில் தொடங்கும், அண்டர்ஆம் மென்பந்தில் தொடங்கும்.

தேவையானவை

இரண்டு பிள்ளைகளுக்கு ஒரு பலூன், ஒரு மென்பந்து. பலூனைக் கரப்பந்தின் அளவுக்கே ஊதுங்கள். 66 சென்ரிமீற்றர் நூல் ஒன்றை வெட்டி வைத்துக்கொண்டு, பலூனின் வயிற்றைச் சுற்றி அளந்தால் போதும். கரப்பந்தின் சுற்றளவு 65 முதல் 67 சென்ரிமீற்றர்தான். மென்பந்துக்குத் திருவிழாக் கடைகளில் கிடைக்கும் மெல்லிய பிளாஸ்டிக் பந்தே நல்லது. மாமாங்கத் தீர்த்தத் திருவிழா நேரம் நான் மொத்தமாக வாங்கி வைத்துவிடுவேன். ஸ்பொஞ்ச் பந்தும் பரவாயில்லை, ஆனால் கைப்பிடிக்குள் அடங்கும் அளவில் வேண்டாம்.

பலூனை வெளியே கொண்டுபோகாதீர்கள். ஆனி ஆடியில் கச்சான் காற்று வீசத் தொடங்கினால் பலூன் வேலி முள்ளில்தான் போய் நிற்கும். மண்டபம் இல்லாவிட்டால் மேசைகளை ஓரமாக்கிய வகுப்பறையே போதும், மின்விசிறியை மட்டும் நிறுத்திவிடுங்கள். வெடித்த துண்டுகளை உடனே பொறுக்குங்கள், சின்னப் பிள்ளைகள் வாயில் போடும்.

முதல் நாள்: செட், பலூனில்

பிள்ளையை நிற்க வைத்து, நெற்றிக்கு மேலே ஒரு கைச்சாண் தள்ளி இரு கைகளையும் உயர்த்தச் சொல்லுங்கள். இரண்டு பெருவிரலும் இரண்டு சுட்டுவிரலும் முக்கோணமாக நிற்கும், ஆனால் ஒன்றை ஒன்று தொடாது. மற்ற விரல்கள் விரிந்து, ஒரு பெரிய தேங்காயைப் பிடித்ததுபோல் வளைந்திருக்கும். முழங்கைகள் பக்கவாட்டில் திறந்திருக்க வேண்டும். முழங்கை மார்போடு ஒட்டினால் உள்ளங்கைதான் பந்தில் படும்.

இனிப் பலூனை மேலே விடுங்கள். முதலில் அடிக்க வேண்டாம், அந்த வடிவத்திலேயே பிடித்து நிற்கட்டும். ஐந்தாறு தரம் பிடித்தபின் ஒரு சோதனை. பலூன் கைக்கு வரும் நேரத்தில் "கையை எடு" என்று சொல்லுங்கள். கையை எடுத்தால் பலூன் நெற்றியில் விழ வேண்டும். மூக்கிலோ மார்பிலோ விழுந்தால் பிள்ளை பின்னால் நிற்கிறது, தலைக்குப் பின்னால் போனால் அதிகம் முன்னே வந்துவிட்டது. உண்மையான பந்தில் செய்யவே முடியாத இந்தச் சோதனைதான் பலூன் தரும் பெரிய உதவி. பிள்ளைகளும் சிரித்துக்கொண்டே செய்வார்கள். பலூனுக்குக் கீழே போவது கையால் அல்ல, காலால் என்பதைச் சொல்லாமலே கண்டுபிடித்துவிடுவார்கள்.

பிறகு விரல் நுனியின் சதையால் தள்ளச் சொல்லுங்கள். முழங்கால் நிமிரும்போது முழங்கையும் நிமிரும், கைகள் பலூன் போகும் திசைக்கு நீண்டு நிற்கும். இங்கே காதையும் வைத்துக்கொள்ளுங்கள். "சப்" என்று கேட்டால் உள்ளங்கை பட்டிருக்கிறது. சரியான செட்டில் சத்தமே வராது.

இருபது நிமிடத்துக்கு மேல் வெறும் பலூனில் நிற்க வேண்டாம். செலோடேப்பை எடுத்துப் பலூனைச் சுற்றிக் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு சுற்று ஒட்டுங்கள். இப்போது அது சற்று வேகமாக இறங்கும், விரலில் கொஞ்சம் பாரமும் தெரியும். முதல் நாளை அதிலேயே முடிக்கலாம்.

இரண்டாம் நாள்: அண்டர்ஆம், மென்பந்தில்

கையைப் பூட்டுவதில்தான் அதிகப் பிழை. விரல்களைக் கோர்க்கக் கூடாது. ஒரு கையின் விரல்களை மற்றக் கையின் விரல்கள் மேல் வைத்து மூடி, இரண்டு பெருவிரல்களையும் பக்கத்தில் பக்கத்தில், ஒரே மட்டமாக வையுங்கள். பெருவிரல்கள் நிலத்தைப் பார்க்கட்டும் என்று சொன்னால் மணிக்கட்டு கீழே இறங்கும், முழங்கை தானாகவே நிமிர்ந்து பூட்டும். "கையை நேராக வை" என்று பத்துத் தரம் சொல்வதைவிட இது வேலை செய்யும்.

பந்து பட வேண்டிய இடம் மணிக்கட்டுக்குச் சற்று மேலே, முன்னங்கையின் தட்டையான பக்கம். இரண்டு கையிலும் ஒரே நேரத்தில் பட வேண்டும். கால்கள் தோள் அகலத்தில், ஒரு கால் சற்று முன்னே, முழங்கால் மடிந்து, பாரம் பாதத்தின் முன்பக்கத்தில். பந்தை எழுப்புவது முழங்கால். கை தோளுக்கு மேலே போகவே கூடாது.

மூன்று மீற்றர் தள்ளி நின்று, கீழிருந்து மெதுவாகப் பந்தை எறியுங்கள். எறிவது ஒழுங்காக இல்லாவிட்டால் பிள்ளையின் பிழை எது, எறிந்தவரின் பிழை எது என்று பிரிக்க முடியாது. அதனால் முதல் நாட்களில் நீங்களே எறியுங்கள்.

வெண்கட்டி சொல்லும் கதை

கையில் எங்கே பட்டது என்று பிள்ளைக்குத் தெரியாது, நமக்கும் அந்த வேகத்தில் தெரியாது. கரும்பலகைத் துடைப்பானைப் பந்தில் தட்டுங்கள். வெண்கட்டித் தூள் படிந்த பந்து, பட்ட இடத்தில் வட்டமாக ஒரு தடம் விட்டுப்போகும். கையைத் திருப்பிப் பார்த்தால் எல்லாம் எழுதியிருக்கும்.

பதினான்கு பிள்ளைகள் இருந்த ஒரு குழுவில் ஒரு மகள் பத்துப் பந்து எடுத்தால் எட்டு பக்கவாட்டில் தெறிக்கும். கையைப் பார்த்தால் தடம் இரண்டு இடத்தில் இருந்தது: ஒன்று வலது கையில் மட்டும், மற்றது பெருவிரல் முட்டியில். வலது கையில் மட்டும் பட்டதற்குக் காரணம், அவள் பந்துக்கு நேரே வராமல் கையை மட்டும் பக்கத்துக்கு நீட்டினாள். முட்டியில் பட்டதற்குக் காரணம், பந்து வரும்போது முழங்கையை மடித்து மேலே வீசினாள். இரண்டும் வேறு வேறு நோய், ஒரே மருந்து கொடுத்தால் மாறாது.

முதலாவதற்கு அவளுக்கு முன்னால் நிலத்தில் வெண்கட்டியால் கோடு போட்டேன். பந்து இடமோ வலமோ வந்தால் கோட்டின் மேல் இரண்டு அடி நகர்ந்து, தொப்புள் பந்துக்கு நேரே வந்தபின்தான் கையைக் கொடுக்க வேண்டும். இரண்டாவதற்குக் கதிரை. கதிரையின் நுனியில் அமர்ந்து, கையைப் பூட்டி நீட்டி வைத்திருக்க வேண்டும். பந்து கையில் படும் நேரத்தில் எழும்ப வேண்டும். அவ்வளவுதான். கதிரையிலிருந்து எழும்பும் வேகமே பந்தை மேலே கொண்டுபோகும், கையை வீச வேண்டிய தேவையே வராது. முதல் பத்தில் இரண்டுதான் என் கைக்கு வந்தது, ஏனென்றால் அவள் பந்துக்கு முன்பே எழும்பினாள். "பட்டபின் எழும்பு" என்று சொல்லாமல், "பந்து உன்னை எழுப்பட்டும் மகள்" என்றேன். மூன்றாவது பத்தில் ஆறு வந்தது. கையைத் திருப்பிக் காட்டினாள்: இரண்டு முன்னங்கையிலும் ஒரே மட்டத்தில் இரண்டு அரை வட்டம், சேர்த்து வைத்தால் முழு நிலவு.

திசையையும் இங்கேயே சொல்லிவிடலாம். கைகளின் தட்டைப் பக்கம் எங்கே பார்க்கிறதோ பந்து அங்கேதான் போகும். பந்து தலைக்குப் பின்னால் போகிறதென்றால் கை அதிகம் உயர்ந்து, தட்டைப் பக்கம் முகத்தைப் பார்க்கிறது. தாழ்வாக நேரே பாய்கிறதென்றால் கை நிலத்தைப் பார்த்துத் தொங்குகிறது, அல்லது முழங்கால் மடியவில்லை.

மூன்றாம் நாள்

செட்டை மென்பந்துக்கு மாற்றுங்கள். டேப் ஒட்டிய பலூனில் சத்தம் இல்லாமல் தொடர்ந்து ஐந்து செய்பவர்கள் மட்டும் மாறட்டும், மற்றவர்கள் பலூனிலேயே இருக்கட்டும். பிளாஸ்டிக் பந்தில் முதலில் எல்லாருமே பந்தைப் பிடித்துத் தூக்கிப் போடுவார்கள். போட்டியில் அது பிழைதான். ஆனாலும் இப்போது விசில் ஊதாதீர்கள். பிடிக்கும் நேரம் நாளுக்கு நாள் குறைகிறதா என்று மட்டும் பாருங்கள்.

நான்காம் நாள்: இரண்டையும் சேர்ப்பது

இரண்டு பேர், ஒரு மென்பந்து, மூன்று மீற்றர் இடைவெளி. ஒருவர் எறிய மற்றவர் அண்டர்ஆம் எடுக்கிறார். எறிந்தவர் அந்தப் பந்தை நெற்றிக்கு மேல் செட் வடிவத்தில் பிடிக்கிறார், பிடித்த இடத்திலிருந்தே மீண்டும் செட்டாகத் தள்ளுகிறார். அண்டர்ஆம் உயரமாக, மெதுவாக வந்தால்தான் நெற்றிக்கு மேல் பிடிக்க முடியும். தாழ்வாக வந்தால் எதிரில் நிற்கும் பிள்ளையே "உயரமா தா" என்று கேட்கும்.

வெளியே போனால் காலை வேளையில் மர நிழலில், பழைய மீன்வலைத் துண்டையோ வெறும் கயிற்றையோ பிள்ளையின் நீட்டிய கை உயரத்துக்குக் கட்டுங்கள். பலூன் வீட்டிலேயே இருக்கட்டும்.

உண்மையான கரப்பந்துக்கு எப்போது போவது? மென்பந்தில் பத்துக்கு ஏழு தடம் இரண்டு கையிலும் சமமாக விழும்போது. அப்போதும் புதுப் பந்து வேண்டாம். பெருவிரலால் அழுத்தினால் ஒரு விரல் கணு உள்ளே போகும் அளவுக்குக் காற்றுக் குறைத்த பழைய பந்தை ஒரு கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள். கண் மூடாமல் அதை எடுக்கிறார்கள் என்றால் மறு கிழமை காற்றை முழுதாக அடிக்கலாம்.