பிட்டை ஏற்றும் முன் உங்கள் ஸ்டோர் பக்கத்தைத் திறந்து பாருங்கள்

"அண்ணா, விளம்பரம் ஓடுது, ஆளுங்க தட்டுறாங்க, ஆனா ஒரு இன்ஸ்டாலுக்கு மூணு டாலருக்கு மேல போகுது. பிட்டை ஏத்திடலாமா?"

நங்கநல்லூரிலிருந்து தம்பி ஒருவர் போனில் கேட்டது இது. பிட் என்பது ஒரு தட்டலுக்கு அதிகபட்சம் எவ்வளவு தரத் தயார் என்று விளம்பர ஏலத்தில் நாம் வைக்கும் விலை. வெளிநாட்டில் வளரும் தமிழ்ப் பிள்ளைகளுக்காக ஒரு ஆப் செய்திருக்கிறார். விரலால் எழுத்தின் மேல் வரைந்தே அ, ஆ பழகலாம். ஆப் ஸ்டோரில் தேடும்போது ரிசல்ட் பட்டியலில் வருகிற விளம்பரத்தை அமெரிக்காவுக்கு மட்டும் ஓடவிட்டிருந்தார். அவர் செய்த தவறுகளைத்தான் சென்னையில் சின்ன ஆப் கம்பெனிகள் பலவும் செய்கின்றன. அதனால் அவருடைய கணக்கையே எடுத்துக்கொள்கிறேன். எண்களைக் கூட்டிக் கழிக்க வசதியாக முழுமையாக்கி இருக்கிறேன்.

முதல் தவறு அந்தக் கேள்வியிலேயே இருக்கிறது. இந்த விளம்பரத்தை விற்கும் ஆப்பிள் ஆட்ஸில் நாம் காசு கொடுப்பது தட்டலுக்கு, இன்ஸ்டாலுக்கு அல்ல. யாரோ விளம்பரத்தைத் தட்டிவிட்டு, பக்கத்தைப் பார்த்து முகம் சுளித்துத் திரும்பிப் போனாலும் காசு போனது போனதுதான். ஆகவே ஒரு இன்ஸ்டாலின் விலை என்பது ஒரு தட்டலின் விலையை, தட்டியவர்களில் எத்தனை பங்கு பேர் இறக்கினார்கள் என்பதால் வகுத்தால் கிடைப்பது. மேலே இருக்கும் எண்ணை ஏலம் முடிவு செய்கிறது. கீழே இருக்கும் எண்ணை முடிவு செய்வதில் பெரும்பங்கு உங்கள் ஸ்டோர் பக்கத்துக்கு. பிட்டை ஏற்றினால் மேல் எண் ஏறும், கீழ் எண் அசையாது. தட்டல் கூடும், இன்ஸ்டாலும் கூடும், ஆனால் ஒவ்வொரு இன்ஸ்டாலும் முன்பைவிட விலை கூடியதாக வரும்.

இரண்டு வாரக் கணக்கில் 500 தட்டல், 390 டாலர் செலவு, 125 இன்ஸ்டால். சராசரி 3.12 டாலர். தம்பி பார்த்துக் கவலைப்பட்டது இந்தச் சராசரியை. சராசரி எப்போதும் எதையாவது மறைக்கும், எனவே தேடல் சொற்களின் அறிக்கையைத் திறந்தோம். பிரித்துப் பார்த்தால் அங்கே இரண்டு தனிக் கதைகள் இருந்தன.

`learn tamil` என்று சரியாகத் தட்டித் தேடியவர்களிடமிருந்து 200 தட்டல். ஒன்று 90 சென்ட். அதில் 90 பேர் இறக்கினார்கள், அதாவது 45 சதவீதம். ஒரு இன்ஸ்டால் 2 டாலர்.

மீதி 300 தட்டல் `tamil songs`, `tamil movies`, `tamil keyboard`, `tamil calendar` இப்படி. ஒன்று 70 சென்ட்தான். அதில் இறக்கியவர்கள் 35 பேர். ஒரு இன்ஸ்டால் 6 டாலர்.

தட்டல் மலிவாக இருந்த இடத்தில்தான் இன்ஸ்டாலுக்கு மூன்று மடங்கு செலவு. தம்பியோ, "இங்க கம்மி ரேட்ல கிடைக்குதே" என்று அந்தத் தட்டல்களைத்தான் லாபமென்று நினைத்துக்கொண்டிருந்தார். டாஷ்போர்டில் தட்டல் விலையை மட்டும் வைத்துக் கீவேர்டை வரிசைப்படுத்தினால் இந்த மாயம் நடக்கும். வரிசைப்படுத்த வேண்டியது இன்ஸ்டால் விலையை வைத்து.

சரி, எழுத்துப் பழகும் ஆப்பின் விளம்பரம் பாட்டுத் தேடுகிறவருக்கு ஏன் போனது? அவர் அந்தச் சொற்களை வாங்கவே இல்லை. ஆனால் சர்ச் மேட்ச் என்ற வசதியை அணைக்காமல் விட்டிருந்தார். அது உங்கள் ஸ்டோர் பக்கத்தின் விவரங்களைப் படித்து, பொருத்தமான தேடல்கள் எவை என்று தானே ஊகித்து விளம்பரத்தைக் காட்டும். எனவே, "பக்கத்தோட விவரத்துல என்ன எழுதியிருக்கீங்க?" என்று கேட்டேன். பயனர் கண்ணுக்குத் தெரியாத, 100 எழுத்து மட்டும் கொள்ளும் கீவேர்டு பெட்டியில் பாட்டு, சினிமா, செய்தி, காலண்டர் எல்லாம் இருந்தன. நிறையப் பேர் தேடும் சொல்லைப் போட்டால் நாமும் கண்ணில் படுவோம் என்று யாரோ சொன்ன யோசனை. இலவசத் தேடலில் அந்தப் பேராசைக்குத் தண்டனை பெரிதாகத் தெரிவதில்லை. விளம்பரம் ஓடத் தொடங்கியதும் அதே பெட்டி தட்டலுக்கு 70 சென்ட் என்று பில் போட ஆரம்பித்துவிட்டது.

இன்னொன்றும் உண்டு. தேடலுக்கும் ஆப்புக்கும் பொருத்தம் இல்லை என்று ஆப்பிள் நினைத்தால், நீங்கள் எவ்வளவு பிட் வைத்தாலும் விளம்பரம் வராது. பெயருக்கு 30 எழுத்து, துணைத்தலைப்புக்கு 30 எழுத்து. தம்பியின் துணைத்தலைப்பில் "விளையாட்டாய் ஒரு பயணம்" என்பதற்கு ஈடான ஆங்கில வாசகம்தான் இருந்தது. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் எதைப் படிக்கப் போகிறோம் என்று அதில் ஒரு சொல் இல்லை. நான் அதில் தமிழ் எழுத்து, குழந்தைகள் என்ற இரண்டும் வரும்படி மாற்றச் சொன்னேன்.

பெயர், துணைத்தலைப்பு, கீவேர்டு பெட்டி எதை மாற்றவும் புது வெர்ஷன் அனுப்ப வேண்டும். அது வரும்வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. பாட்டு, சினிமா, கீபோர்டு, காலண்டர் எல்லாவற்றையும் நெகட்டிவ் கீவேர்டாக, அதாவது இந்தச் சொல்லைத் தேடினால் விளம்பரத்தைக் காட்டாதே என்ற பட்டியலில், போட்டோம். சர்ச் மேட்ச்சை அடியோடு அணைக்கவில்லை. புதுச் சொற்களைக் கண்டுபிடிக்க அது உதவும் என்பதால், சின்ன பட்ஜெட்டோடு தனி கேம்பெய்னில் வைத்தோம். அங்கே தேறிய சொல்லை, அதையே தேடினால் மட்டும் விளம்பரம் காட்டும் எக்ஸாக்ட் மேட்ச்சாக முக்கிய கேம்பெய்னுக்கு எடுத்துப்போய்விட்டு, பழைய இடத்தில் அதையே நெகட்டிவாகப் போட வேண்டும். பலர் மறப்பது இந்தக் கடைசிப் படியைத்தான். மறந்தால் ஒரே சொல் இரண்டு கேம்பெய்னிலும் ஓடும், எந்தக் கணக்கு எதனுடையது என்று பிரிக்க முடியாது.

இப்போது `learn tamil`. இங்கே ஆள் சரி, ஆனால் 100 பேரில் 55 பேர் வாசல்வரை வந்து திரும்பிப் போகிறார்கள். தமிழ் கற்க வேண்டும் என்று தேடியவர், தமிழ் கற்கும் ஆப்பைத் தட்டிவிட்டு ஏன் திரும்ப வேண்டும்?

போனை எடுத்துப் பக்கத்தைத் திறந்தேன். படங்கள் படுக்கைவாக்கில் இருந்தன. வரைந்து பழகும் ஆப்புக்கு அது இயல்புதான். ஆனால் தேடல் ரிசல்ட்டில் நெடுக்குவாக்குப் படமென்றால் மூன்று வரை தெரியும், படுக்கைவாக்கென்றால் முதல் படம் ஒன்றுதான். அவருடைய முதல் படம் லாகின் திரை. மொபைல் எண் கேட்கும் பெட்டி, அதன் முன்னால் கொட்டை எழுத்தில் +91.

நியூஜெர்சியில் ஒரு அம்மா ராத்திரி ஒன்பது மணிக்கு, பிள்ளை தூங்கியதும் இதைப் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்திய நம்பர் இல்லாமல் நுழைய முடியாது போல என்று நினைத்து அடுத்ததற்குப் போய்விடுவார். உண்மையில் ஆப் எந்த நாட்டு எண்ணையும் ஏற்கும்! ஸ்க்ரீன்ஷாட் எடுத்தவர் சென்னையில் உட்கார்ந்து எடுத்ததால் +91 வந்துவிட்டது. ஆறு படங்களில் எழுத்தின் மேல் விரல் ஓடும் காட்சி ஐந்தாவதாக இருந்தது. ஆப்பைத் திறந்தால் எந்த வரிசையில் திரைகள் வருமோ அதே வரிசையில் படங்களை அடுக்குவது டெவலப்பர் பழக்கம். வாங்க வந்தவருக்கு அந்த வரிசை எதற்கு?

முதன்மைப் பக்கத்தின் படங்களை மாற்றவும் புது வெர்ஷன் வேண்டும். இங்கேதான் கஸ்டம் புராடக்ட் பேஜ் கைகொடுக்கும். ஆப்பை மாற்றாமலே வேறு ஸ்க்ரீன்ஷாட், வேறு முன்னோட்ட வீடியோ, வேறு விளம்பர வாசகம் வைத்து இன்னொரு பக்கம் செய்து, ஆப்பிளின் ரிவ்யூ முடிந்ததும் அதைக் குறிப்பிட்ட விளம்பரக் குழுவோடு இணைக்கலாம். ஐகானும் பெயரும் துணைத்தலைப்பும் மாறாது. முதல் படத்தில் பெரிய 'அ', அதன் மேல் ஒரு குழந்தையின் விரல், கீழே ஒரு வரி ஆங்கிலம். அவ்வளவுதான். படத்துக்குள் எட்டு சிறப்பம்சங்களை எழுதிய பழைய போஸ்டரைத் தூக்கினோம். போனில் அந்தப் படம் கட்டைவிரல் அளவுக்குச் சுருங்கித் தெரியும்போது அதை யாரும் படிக்கப் போவதில்லை.

அடுத்த இரண்டு வாரம் பிட்டைத் தொடவில்லை. `learn tamil` 210 தட்டல், அதே 90 சென்ட், 126 இன்ஸ்டால். 45 சதவீதம் 60 ஆனது, 2 டாலர் ஒன்றரை டாலரானது. தம்பி முதலில் கேட்டபடி பிட்டை ஏற்றி, தட்டல் விலை 1.20 டாலருக்குப் போயிருந்தால், பழைய பக்கத்தோடு ஒரு இன்ஸ்டால் 2.67 டாலர் ஆகியிருக்கும்.

எல்லாவற்றையும் பக்கம் சரிசெய்துவிடும் என்றும் நினைக்காதீர்கள். `speak tamil` என்று தேடி 60 பேர் தட்டினார்கள், 9 பேர்தான் இறக்கினார்கள். இவர்கள் பேசக் கற்க விரும்பும் பெரியவர்கள், பலர் தமிழர் வீட்டில் சம்பந்தம் செய்தவர்களாக இருக்கலாம். ஆப் எழுத்து மட்டும்தான் சொல்லித் தருகிறது. இவர்களுக்குத் தனிப் பக்கம் செய்து ஏமாற்றி இறக்க வைக்கலாம், அடுத்த நாள் ஒரு ஸ்டாரோடு ரிவ்யூ வரும். அந்தச் சொல்லையும் நெகட்டிவில் போட்டோம்.

இந்த ஒப்பீடுகளில் அவசரம் ஆகாது. புதுப் பக்கம் போட்டு மூன்றாம் நாளே, "40 தட்டலுக்கு 22 வந்துடுச்சு, முன்னாடி 18 தான்" என்று மெசேஜ் வந்தது. 40 தட்டலில் நாலு இன்ஸ்டால் வித்தியாசம் என்பது ஒரு ஞாயிற்றுக்கிழமையாலேயே வரக்கூடியது. ஒவ்வொரு பக்கத்துக்கும் இருநூறு தட்டலாவது சேரட்டும் என்பது என் பழக்கம், விதியொன்றும் இல்லை. அதைவிட முக்கியம், பக்கத்தை மாற்றிய வாரத்தில் பிட்டையும் மாற்றக் கூடாது. இரண்டையும் சேர்த்து மாற்றிவிட்டு எது வேலை செய்தது என்று கேட்டால் யாரிடமும் பதில் இருக்காது.

இன்ஸ்டால் எண்ணைப் படிக்கும்போது ஒரு கண்ணி. முன்பே வைத்திருந்து அழித்துவிட்டுத் திரும்ப இறக்குகிறவர்களும் அதில் சேர்வார்கள். உங்கள் ஆப்பின் பெயரையே கீவேர்டாக வாங்கினால் இவர்கள் அதிகம் வருவார்கள், இன்ஸ்டால் விலை கொள்ளை மலிவாகத் தெரியும். அறிக்கையில் புது இறக்கம், மறு இறக்கம் என்று தனித்தனிப் பத்திகள் உண்டு, புதியதை மட்டும் வைத்துக் கணக்குப் போடுங்கள்.

"கூகுள் பிளேயிலயும் இதே மாதிரி கீவேர்டு வாங்கலாமா?" என்றார் தம்பி. அங்கே முடியாது. ஆப் கேம்பெய்னில் தேடல் சொல்லை நாம் தேர்ந்தெடுப்பதில்லை. வாசகம், படம், வீடியோ, பட்ஜெட், இலக்கு விலை கொடுத்தால், பிளே ஸ்டோர் தேடலிலும் யூடியூபிலும் இன்னும் பல இடங்களிலும் கூகுள் தானே காட்டும். நம் கையில் மிஞ்சும் பிடிமானங்களில் ஒன்று ஸ்டோர் பக்கம். சரி என்று அவருடைய பிளே ஸ்டோர் பக்கத்தையும் திறந்தேன். அங்கேயும் முதல் படமாக அதே +91 உட்கார்ந்திருந்தது.