பாத்ரூம் கதவு: அவசரத்துக்குத் திறக்கும் பூட்டு போட்டும் திறக்க முடியாமல் போவது ஏன்?

பாத்ரூமுக்குள் ஆள் விழுந்துவிட்டால் வெளியிலிருந்து திறப்பதற்கென்றே பூட்டு இருக்கிறது. உள்ளே திருகுகிற குமிழ், வெளியே நாணயம் நுழைகிற ஒரு கீறல். ஹார்டுவேர் கடையில் ‘பாத்ரூம் லாக்’ என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். வயதானவர்கள் இருக்கும் வீடுகளில் பலர் இதை வாங்கி மாட்டவும் செய்கிறார்கள். ஆனால் அதற்கு ஒரு அடி மேலே இருக்கும் பழைய தாழ்ப்பாளைக் கழற்றுவதில்லை. ‘அது பாட்டுக்கு இருக்கட்டுமே’ என்று விட்டுவிடுகிறார்கள்.

அங்கேயே பூட்டு வாங்கிய காசு வீண். காலமெல்லாம் தாழ்ப்பாள் போட்டுப் பழகிய அப்பத்தாவின் கை, புதுக் குமிழைத் திருகினாலும் திருகாவிட்டாலும் தாழ்ப்பாளை இழுக்காமல் விடாது. வெளியே நிற்பவர் கீறலில் நாணயத்தை வைத்துத் திருப்புவார், பூட்டும் விலகும், கதவு அசையாது. அதனால் பூட்டு மாட்டும் அன்றைக்கே தாழ்ப்பாள், அடித்தாழ்ப்பாள், கொக்கி எல்லாவற்றையும் கழற்றி, கதவிலும் நிலையிலும் உள்ள துளைகளை அடைத்துவிடச் சொல்லுங்கள். துளை இருந்தால் யாராவது திரும்ப மாட்டிவிடுவார்கள்.

“தாழ்ப்பாள் இல்லாம எப்படிக் குளிக்கிறது?” என்று வீட்டுப் பெரியவர் கேட்பது நியாயமான கேள்வி. அவரை உள்ளே விட்டுக் குமிழைத் திருகச் சொல்லி, வெளியிலிருந்து நீங்கள் பலமாக இழுத்துக் காட்டுங்கள். பூட்டினால் வெளியே சிவப்பும் திறந்தால் பச்சையும் காட்டும் வகையும் உண்டு. கூட்டுக்குடும்பத்தில் அது கூடுதல் நிம்மதி.

கடையில் தவறாகக் கையில் வருவது

உருண்டைக் குமிழ் வைத்த ‘ரவுண்டு லாக்’ பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் அதில் சாவி போடும் வகை வேறு, பாத்ரூம் வகை வேறு. சாவி வகையை பாத்ரூமுக்கு மாட்டினால் அதையும் வெளியிலிருந்து திறக்கலாம்தான், சாவி எங்கே என்று தெரிந்தால். அவசரத்தில் அந்தச் சாவி பீரோவிலா, டிவி அலமாரியிலா என்று தேட வேண்டியிருக்கும். வாங்கும்போதே வெளிப்பக்கக் குமிழைப் பாருங்கள். சாவித்துளைக்குப் பதில் நேரான கீறலோ, சின்னத் துளையோ இருக்க வேண்டும். கீறல் இருக்கும் வகைதான் நல்லது. சின்னத் துளை வகைக்கு மெல்லிய கம்பியை நேராகச் செலுத்தி உள்ளிருக்கும் பொத்தானைத் தள்ளிவிட வேண்டும். பதறிய கைக்கு அது பிடிபடாது.

இன்னொன்று, உருண்டைக் குமிழே வயதானவர்களுக்கு ஒத்துவராது. சோப்புக் கையில் வழுக்கும், மூட்டுவலி உள்ள விரல்களுக்குப் பிடிக்க வராது. கீழே அழுத்தித் திறக்கும் நீள் கைப்பிடியும், தனியாக ஒரு திருகுக் குமிழும் உள்ள பூட்டாகப் பாருங்கள். தரையிலிருந்து 36 முதல் 40 அங்குல உயரத்தில் மாட்டினால் போதும்.

கீறலுக்குச் சரியாகப் பொருந்தும் நாணயத்தையோ தட்டை முனை ஸ்க்ரூ டிரைவரையோ கதவுக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு ஆணியில் தொங்கவிடுங்கள். சில கீறல்களுக்குள் தடித்த நாணயம் நுழையாது. மாட்டிய அன்றே போட்டுப் பார்க்க வேண்டும்.

பூட்டுத் தானாகக் கெட்டுப்போவதைவிடக் கதவு இறங்கிப்போவதால் மாட்டிக்கொள்வதுதான் அதிகம். பி.வி.சி. கதவின் உள்ளே பெரும்பாலும் வெற்றிடம். கீலின் ஸ்க்ரூவுக்குப் பிடிமானம் குறைவு. நாளாக நாளாகக் கதவு இரண்டு மூன்று மில்லிமீட்டர் தொங்கும். பூட்டின் நாக்கு நிலையில் இருக்கும் தகட்டின் ஓரத்தில் உரசும். உள்ளே இருப்பவர் கதவைக் கொஞ்சம் தூக்கிப் பூட்டப் பழகிக்கொள்வார், யாரிடமும் சொல்லமாட்டார். வெளியே இருப்பவர் நாணயத்தால் திருப்பும் விசை மட்டும் அதற்குப் போதாது. எனவே ‘தூக்கிப் பூட்டணும்’ என்று யாராவது சொன்னால் அன்றைக்கே கீலைச் சரிசெய்யுங்கள். இரண்டு கீல் இருந்தால் மூன்றாவது போட்டு, ஸ்க்ரூவுக்குப் பதிலாகக் கதவை ஊடுருவும் போல்ட்டும் நட்டும் போடுவது நிற்கும். போர்த் தண்ணீரின் உப்பு படிந்து பூட்டு இறுகுவதும் நம் பக்கத்தில் சகஜம். தேங்காய் எண்ணெய் விடாதீர்கள், தூசியோடு சேர்ந்து பிசுக்காகிவிடும். பென்சில் கரித்தூள் போதும். மாதம் ஒருமுறை ஒருவர் உள்ளே பூட்டிக்கொள்ள, இன்னொருவர் வெளியிலிருந்து திறந்து பாருங்கள். விளக்கை அணைத்துவிட்டும் ஒருமுறை.

பூட்டு திறந்தது, கதவு திறக்கவில்லை

இவ்வளவும் சரியாக இருந்தும் கதவு உள்பக்கமாகத் திறப்பதாக இருந்தால் என்ன ஆகும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

படுக்கையறையோடு ஒட்டிய, 4 அடி அகலமும் ஆறரை அடி நீளமும் உள்ள பாத்ரூம். மதுரை வீடுகளில் சாதாரணமாகப் பார்க்கும் அளவுதான். கதவு 4 அடிச் சுவரில், 27 அங்குல அகலம். எதிர்ச் சுவரில் வெஸ்டர்ன் டாய்லெட். நீளம் 78 அங்குலம். டாய்லெட் சுவரிலிருந்து சுமார் 27 அங்குலம் முன்னே வரும். மிச்சம் 51 அங்குலம். குளிக்கும் குழாயும் பக்கெட்டும் இருப்பது அந்த 51 அங்குலத்தில்தான், விழுவதும் அங்கேதான். ஐந்தடி உயரமுள்ளவர் 60 அங்குலம். நேராகக் கால் நீட்டிப் படுக்க இடமில்லாத அந்தத் தரையில், உடம்பு மடங்கிக் கதவின்மேல் சாய்ந்து கிடக்கவே வாய்ப்பு அதிகம். கதவு திறக்க வேண்டிய 27 அங்குலமும் அதே இடம். அப்படிக் கிடந்தால், பூட்டு விலகினாலும் கதவு நாலு விரற்கடைக்கு மேல் நகராது. வெளியிலிருந்து தள்ளினால் தலையிலோ, ஏற்கெனவே முறிந்திருக்கக்கூடிய இடுப்பிலோ இடிக்கும்.

கீலைக் கழற்றலாமே என்றால் அதுவும் முடியாது. உள்ளே திறக்கும் கதவில், கீலின் ஆணி செருகியிருக்கும் முட்டு உள்பக்கம்தான் இருக்கும், வெளியே கைக்கு எட்டாது. அதனால்தான் மாற்றுத்திறனாளிகளுக்கான கழிப்பறை பற்றிய மத்திய அரசின் வழிகாட்டு நெறிகள், பூட்டை வெளியிலிருந்து விடுவிக்க முடிய வேண்டும் என்பதோடு, கதவு வெளிப்பக்கம் திறக்கவோ பக்கவாட்டில் நகரவோ வேண்டும் என்றும் சேர்த்தே சொல்கின்றன. ஒன்று இல்லாமல் மற்றது பாதி வேலைதான்.

மர நிலையாக இருந்தால், நிலையைப் பெயர்க்காமலே கதவைத் திருப்பிப் போடலாம். நிலையில் கதவு பதியும் பள்ளம் இப்போது பாத்ரூம் பக்கம் இருக்கும், ஆழம் சுமார் அரை அங்குலம். கதவு இனி அறைப் பக்கத்தில், பள்ளம் இல்லாத அந்த ஒடுங்கிய பகுதிக்குள் உட்கார வேண்டும். அதற்குப் புதுக் கதவு பக்கத்துக்கு அரை அங்குலம், மேலே அரை அங்குலம் சிறிதாக வேண்டும். கதவு போய் முட்டி நிற்க, அதன் கனத்தை விட்டு உள்ளே தள்ளி அரை அங்குல மரச்சட்டமாகப் பீடிங் அடிக்க வேண்டும். பூட்டின் தகட்டையும் இடம் மாற்ற வேண்டும். ஆசாரிக்கு இது ஒரு நாள் வேலை. வெற்றிடம் உள்ள பி.வி.சி. கதவை ஓரம் அறுத்தால் உள்ளே பிடிமானம் போய்விடும், அதைப் புதிதாகச் செய்யக் கொடுப்பதே மேல். மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த டபிள்யூ.பி.சி. பலகை என்றால் அறுத்துக்கொள்ளலாம். கல் நிலையாகவோ சிமென்ட் நிலையாகவோ இருந்தால் இந்த வேலை நடக்காது. நிலையையே மாற்ற வேண்டும், அல்லது பக்கத்துச் சுவரில் கதவு அகலத்துக்கு இடம் இருந்தால் வெளியே தண்டவாளம் போட்டு நகரும் கதவு வைக்கலாம்.

கீல் வாங்கும்போது ஆணியைத் தட்டி எடுக்கக்கூடிய வகையாகக் கேளுங்கள். வெளியே திறக்கும் கதவில் கீல் முட்டு வெளியே வந்துவிடுகிறது. பூட்டே சிக்கிக்கொண்டாலும் ஆணிகளை உருவிக் கதவை எடுத்துவிடலாம்.

திருப்பிய பிறகு வரும் தவறுகள்

வெளியே திறக்கும் கதவு காற்றில் அடித்துக்கொள்கிறது என்று வெளியில் ஒரு தாழ்ப்பாள் போடுவார்கள். உள்ளே ஆள் இருப்பது தெரியாமல் பேரப்பிள்ளை அதைப் போட்டுவிட்டால், எந்தக் குமிழாலும் திறக்க முடியாது. தாழ்ப்பாள் வேண்டாம், காந்தப் பிடி போதும். வெளியே இழுக்கக் கைப்பிடி வைக்க மறப்பதும் உண்டு. நாணயத்தால் திறந்த பிறகு எதைப் பிடித்து இழுப்பது?

கதவைத் திறந்தபடியே வைக்கப் பழகுவது வயதானவருக்கு நல்லது. வாக்கரோடு வருபவர் கதவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டே பின்னால் நகர வேண்டும், அதிலேயே தடுமாறி விழுவார். பின்னால் சுவரில் ஒரு காந்தம் வைத்து, கதவை அதில் ஒட்டி நிறுத்தி வையுங்கள். உள்ளே போனபின் சாத்துவதற்கு, கதவின் உள்பக்கம் கிடைமட்டமாக இரண்டடி நீளக் கம்பிப்பிடி வைத்தால், வெளியே எட்டிக் குனியாமல் கீல் பக்கத்திலிருந்தே இழுக்கலாம். ஆனால் அந்தக் கம்பியைப் பிடித்து எழுந்திருக்க விடக்கூடாது. கதவு வெளியே நழுவும், ஆளும் அதோடு போவார். எழுந்திருக்கப் பிடி சுவரில்தான், தனியாக இருக்க வேண்டும்.

கதவு வீசும் வட்டத்துக்குள் கால்மிதி, கட்டில், நாற்காலி எதுவும் கூடாது. கால்மிதி கதவடியில் சுருண்டு மாட்டிக்கொள்வது அன்றாடம் நடப்பது. ஈரக் கதவைத் திறக்கும்போது அறைத்தரையில் தண்ணீர் சொட்டும். அதனால் பக்கெட்டையும் குழாயையும் கதவிலிருந்து தள்ளி வைக்க முடிந்தால் வையுங்கள்.

உள்ளே ஆள் சாய்ந்திருக்கலாம் என்று தோன்றினால், கதவைச் சட்டென்று இழுக்காதீர்கள். ஒருவர் உட்கார்ந்து கதவின் கீழ்ப்பாதியில் கை வைத்துக்கொள்ள, மற்றவர் விரற்கடை விரற்கடையாகத் திறக்க வேண்டும். உடம்பின் பாரம் கதவில் இருந்தால் அந்தக் கையில் உடனே தெரியும். அப்படித் தெரிந்தால் சிறிய இடைவெளியில் கையை விட்டுத் தலையையும் தோளையும் தாங்கிக்கொண்ட பிறகே முழுக்கத் திறக்க வேண்டும்.